மாத்திரை நிறுத்தி நாலு நாள் ஆன பிறகும் சிறுநீர் ஆரஞ்சு என்றால்

கேள்வி: அப்பாவுக்கு 58 வயசு. நுரையீரல் டிபின்னு மாத்திரை ஆரம்பிச்சு அஞ்சு வாரம் ஆகுது. முதல் நாள்லேர்ந்தே யூரின் ஆரஞ்சு கலர். ஈரல் போயிடும்னு பக்கத்து வீட்ல பயமுறுத்திட்டாங்க. இருமலும் நின்னுடுச்சு, அதனால நாலு நாளா மாத்திரையே போடல. ஆனா யூரின் இன்னும் அப்படியேதான் போகுது. சாப்பாடும் முன்ன மாதிரி இறங்கல. இது நார்மலா? இருமல் இல்லாதப்போ ஆறு மாசமும் சாப்பிட்டே ஆகணுமா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சிறுநீரை ஆரஞ்சாக்குவது ரிஃபாம்பிசின் என்ற மருந்து. அப்பா சாப்பிட்ட கூட்டு மாத்திரைக்குள் இருக்கும் நான்கு மருந்துகளில் அது ஒன்று. அந்த மருந்துத் தூளே செங்கல் நிறத்தில்தான் இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் போட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் சிறுநீரில் நிறம் ஏறும், சாயங்காலத்துக்குள் வெளிறும், மறுநாள் காலை மாத்திரை போடுவதற்கு முன் பார்த்தால் பெரும்பாலும் வழக்கமான மஞ்சளுக்குத் திரும்பியிருக்கும். மாத்திரையை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் சுத்தமாகப் போய்விடும். நாலு நாள் மாத்திரை இல்லாமல் இன்னும் அதே நிறம் என்றால், மாத்திரையைக் காரணம் சொல்ல முடியாது. தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் சிறுநீர் அடர்ந்திருக்கலாம், அது நடக்கக்கூடியதுதான். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை என்ற வரியையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது மஞ்சள் காமாலை. அதனால் மீதியை அப்புறம் படியுங்கள். இன்றைக்கே, முடியாவிட்டால் நாளைக் காலையிலேயே, மாத்திரை வாங்கிய இடத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் எல்.எஃப்.டி. என்ற ஈரல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அதன் முடிவை டாக்டர் பார்க்கும்வரை, பயந்துபோய் நீங்களாக மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கவும் வேண்டாம். வாந்தி நிற்கவில்லை, பகலிலேயே தூங்கி வழிகிறார், பேச்சு குழறுகிறது என்றால் நாளை வரை காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. அரசு காசநோய்ப் பிரிவில் களப்பணியாளராக இருபது வருஷத்துக்கு மேல் வீடு வீடாகப் போனவன். மருந்தை மாற்றுவது, அளவைக் குறைப்பது எல்லாம் என் வேலை இல்லை, இங்கேயும் அதைச் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்த ஆரஞ்சு நிற விஷயத்தில் ஒரு தடவை நானே தப்பு செய்திருக்கிறேன். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

மாத்திரை கொடுக்கும் முதல் நாளே நாங்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுவோம், சிறுநீர் சிவப்பாகப் போகும், வேர்வையில் சட்டை கறைபடலாம், கண்ணீர்கூட லேசாக நிறம் மாறலாம், பயப்படாதீர்கள் என்று. சொல்லாமல் விட்டால் இரண்டாம் நாளே மூத்திரத்தில் ரத்தம் போகிறது என்று மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி அது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அங்கேதான் வம்பு. விசைத்தறியில் வேலை செய்த ஒருவர், 46 கிலோ எடை, அந்த எடைக்குக் காலையில் மூன்று மாத்திரை. ஐந்தாவது வாரத்தில் போன் செய்தார். "சார், மூத்திரம் ரொம்பச் செவப்பா போகுது." நான் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். மாத்திரை கலர்தாங்க, தண்ணி நல்லாக் குடிங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், சாப்பாடு எப்படி, எதையும் கேட்கவில்லை. முதல் வாரம் பயப்படாத ஆள் ஐந்தாவது வாரம் ஏன் போன் செய்கிறார் என்றாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

நாலு நாள் கழித்து அவர் மனைவி வந்து, இவர் சோறே தொடுவதில்லை, தாளிக்கிற வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார் என்றார். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு கண்ணாடி டம்ளரில் சிறுநீர் பிடித்து வரச் சொன்னேன். காலை ஆறு மணிக்குப் போட்ட மாத்திரையின் நிறம் நாலு மணிக்கு வெளிறியிருக்க வேண்டும். டம்ளரில் இருந்தது கடுங்காப்பி. ரிஃபாம்பிசின் நிறத்தில் ஒரு துலக்கம் இருக்கும், ஆரஞ்சு ஜூஸையோ செம்பருத்திச் சாற்றையோ போல. காமாலைச் சிறுநீர் மங்கிப்போய்ப் பழுப்பாக, கட்டன் சாயா மாதிரி இருக்கும். அவரை வாசலுக்குக் கூட்டி வந்து, கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் அது தெரிந்திருக்காது. மறுநாள் ரத்தப் பரிசோதனையில், ஈரல் அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் எஸ்.ஜி.பி.டி. 480, கண்ணை மஞ்சளாக்கும் பிலிரூபின் 5.2. எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலான லேப்களில் 40 வரை இருக்கலாம், பிலிரூபின் ஏறக்குறைய 1 வரை.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அதிகாலையில், மாத்திரை போடும் முன் போகிற சிறுநீரைப் பாருங்கள். ஒரு நாளைக்குள் நிறம் ஏறி இறங்கினால் அது மாத்திரை. காலை, மாலை, இரவு எப்போது பார்த்தாலும் ஒரே கருமஞ்சள் என்றால் சந்தேகப்பட வேண்டும். கண்ணும் அப்படித்தான். வழக்கமான அளவில் சாப்பிடும்போது இந்த மாத்திரை வெள்ளை விழியை மஞ்சளாக்காது, அதனால் கண் மஞ்சள் என்றால் மாத்திரை நிறம்தான் என்ற சமாதானம் செல்லாது. இந்த இரண்டும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. உறுதியில்லாததும் இருக்கிறது. வெயிலில் வேலை செய்த வயதானவர்களின் கண் சாதாரணமாகவே பழுப்பேறி இருக்கும், பழகிய எனக்கே பிரித்துப் பார்ப்பது கஷ்டம். உடம்பு அரிப்பு மருந்து ஒத்துக்கொள்ளாமலும் வரும், ஈரலாலும் வரும். அந்த மாதிரி நேரங்களில் ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி.

இதைவிட முக்கியம், மஞ்சள் தெரிவதற்கு முன்பே வயிறு சொல்லிவிடும் என்பது. மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் குமட்டல் இருப்பது சகஜம், பைராசினமைடு என்ற மருந்துக்கு அந்தக் குணம் உண்டு, பெரும்பாலும் பத்து நாளில் பழகிவிடும். பழகி, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த ஆள் மூன்றாவது, ஐந்தாவது வாரத்தில் மறுபடி சாப்பாட்டைக் கண்டால் முகம் சுளிக்கிறார், பிடித்த குழம்பே பிடிக்கவில்லை, வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்கிறார், காரணமில்லாமல் சோர்ந்து படுக்கிறார் என்றால் அது வேறு கதை. தறிக்காரருக்கு அப்படித்தான் தொடங்கியது. உங்கள் அப்பாவுக்கும் சாப்பாடு எப்போதிலிருந்து இறங்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். மாத்திரையை நிறுத்துவதற்கு முன்பே அது தொடங்கியிருந்தால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நான்கு மருந்துகளில் எத்தாம்பியூட்டால் ஈரலை ஒன்றும் செய்வதில்லை (அதற்குக் கண்பார்வைப் பிரச்சினை உண்டு, பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ உடனே சொல்ல வேண்டும்). ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றும் ஈரலைச் சீண்டக்கூடியவை, அதில் பைராசினமைடு மோசம். ஆனால் நிறைய பேருக்கு முதல் சில வாரங்களில் எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம் ஏறி, மருந்து தொடரும்போதே தானாக இறங்கிவிடும். அந்தச் சின்ன ஏற்றத்துக்கெல்லாம் மருந்தை நிறுத்தக் கூடாது. பொதுவாக டாக்டர்கள் வைத்திருக்கும் எல்லை இது: வாந்தி, பசியின்மை மாதிரித் தொந்தரவும் இருந்து எஸ்.ஜி.பி.டி. மூன்று மடங்கு, அதாவது 120ஐத் தாண்டினால் நிறுத்துவார்கள். தொந்தரவு எதுவும் இல்லை என்றால் ஐந்து மடங்கு, 200 வரை கவனித்துக்கொண்டே தொடர்வார்கள். காமாலை தெரிந்துவிட்டால் பேச்சே இல்லை, அன்றைக்கே நிறுத்தம். தினம் குடிப்பவர்கள், ஹெபடைட்டிஸ் பி அல்லது சி இருப்பவர்கள், வயதானவர்கள், உடம்பு ரொம்ப மெலிந்தவர்கள், இவர்களுக்கு ஆபத்து அதிகம். தறிக்காரர் தினம் இரவு ஒரு குவார்ட்டர் போட்டதும், உடம்பு வலிக்குக் கடையில் பாராசிட்டமால் வாங்கித் தின்றதும் அப்புறம்தான் தெரிந்தது. கேட்டால் மாத்திரையை நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்து சொல்லவில்லை என்றார். உங்கள் அப்பாவுக்கு இப்படி ஏதாவது பழக்கம் இருந்தால், அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, டாக்டரிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு டிபி மாத்திரையையும் சேர்த்துத் தொடர்ந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கீழாநெல்லி என்ன செய்யும் என்று வாதிட வரவில்லை. உள்ளே காமாலையை உண்டாக்கும் மருந்து போய்க்கொண்டே இருக்கிறதே, அதுதான் ஆபத்து.

சரி, நிறுத்திய பிறகு என்ன? நிறைய பேர் மருந்து சேரவில்லை, அதோடு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. தறிக்காரரை வார்டில் சேர்த்து, ஈரலைத் தொடும் மூன்றையும் நிறுத்தினார்கள். அவர் நுரையீரலில் நோய் அதிகமாக இருந்ததால் இடைக்காலத்துக்கு எத்தாம்பியூட்டாலோடு லீவோஃப்ளாக்சசின் மாத்திரையும் ஓர் ஊசியும் கொடுத்தார்கள். நோய் கடுமையில்லாதவர்களுக்குச் சில நாள் எதுவுமே இல்லாமலும் வைத்திருப்பார்கள், அது டாக்டரின் கணிப்பு. பதினெட்டாம் நாள் எஸ்.ஜி.பி.டி. 62க்கு இறங்கியது. இரண்டு மடங்குக்குக் கீழே வந்த பிறகுதான் மருந்தைத் திரும்பத் தொடுவார்கள். கூட்டு மாத்திரை இல்லை, தனித்தனி மாத்திரைகள். முதலில் ரிஃபாம்பிசின் மட்டும், சில நாள் விட்டு ரத்தம் பார்த்தார்கள், ஏறவில்லை. அப்புறம் ஐசோனியாசிட், மறுபடி ரத்தம், அதுவும் ஏறவில்லை. சில இடங்களில் ஐசோனியாசிடை முதலில் ஆரம்பிப்பதும் உண்டு. ஒவ்வொன்றாகக் கொடுப்பதன் நோக்கம், எது ஈரலைக் கெடுத்தது என்று கண்டுபிடிப்பதுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்து மறுபடி காமாலை வந்தால் எதைக் குற்றம் சொல்வது? காமாலை கடுமையாக இருந்ததால் அவருக்குப் பைராசினமைடைத் திரும்பக் கொடுக்கவே இல்லை. அதனால் ஆறு மாதம் ஒன்பது மாதம் ஆனது. "ஆறு மாசம்னுதானே சொன்னீங்க" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நியாயமான கோபம்தான்.

ஏன் ஒன்பது ஆக்கினார்கள் என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. காசநோய்க் கிருமி மெதுவாகப் பெருகும், ஒன்று இரண்டாக ஏறக்குறைய 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மருந்துகள் நன்றாகக் கொல்வது சுறுசுறுப்பாக இருக்கும் கிருமியை. முதல் சில வாரங்களில் அவை கூட்டம் கூட்டமாகச் செத்துவிடும், அதனால்தான் இருமலும் காய்ச்சலும் நிற்கின்றன, எடை ஏறுகிறது, சளியிலும் கிருமி தெரியாமல் போகிறது. மிஞ்சுவது கொஞ்சம். அது புண்ணுக்குள்ளும் செல்லுக்குள்ளும் ஏறக்குறையத் தூங்கிக்கிடக்கும். தூங்குவதைக் கொல்வது கஷ்டம், அது விழிக்கும் சமயம் ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டும். எப்போது விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது. பைராசினமைடும் ரிஃபாம்பிசினும் இந்தத் தூங்குமூஞ்சிகளை ஓரளவு தேடிக் கொல்லும் என்பதால்தான் சிகிச்சை ஆறு மாதத்துக்குள் அடங்கியது. அதில் ஒன்றை எடுத்துவிட்டால் மாதம் கூடத்தான் செய்யும்.

இந்த மாதக் கணக்கு யாரோ மேசையில் உட்கார்ந்து போட்டதில்லை. அதில் ஒரு பெரிய பங்கு சென்னையில் நடந்தது. 1956இல் இங்கே காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள், சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் தலைமையில் 193 நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்திலும் மீதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரு வருஷம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடியான வீடு, அரைகுறைச் சாப்பாடு, அப்படியும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். நல்ல காற்றும் பாலும் முட்டையும் இருந்தால்தான் டிபி போகும் என்ற நம்பிக்கையை 1959இல் வெளியான அந்த முடிவு உடைத்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீர் வாங்கிப் போய்ச் சோதிப்பார்கள். எங்கள் வேலையில் சிறுநீரைப் பார்க்கும் பழக்கம் அவ்வளவு பழசு.

ஆறு மாதத்தையும் குறைக்க முயன்றிருக்கிறார்கள். 2014இல் வெளியான மூன்று பெரிய ஆய்வுகளில் பழைய மருந்து ஒன்றை எடுத்துவிட்டு வலுவான புது மருந்து சேர்த்து நாலு மாதத்தில் முடித்தார்கள். சளி சீக்கிரமாகவே சுத்தமானது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மருந்து முடிந்த பிறகு நோய் திரும்பியவர்கள் நாலு மாதக் குழுவில் அதிகம். சளியில் கிருமி இல்லாததும் உடம்பில் கிருமி இல்லாததும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. அப்புறம் 2021இல் ரிஃபாபென்டின், மாக்ஸிஃப்ளாக்சசின் இரண்டும் சேர்ந்த ஒரு நாலு மாதச் சிகிச்சை ஆறு மாதத்துக்கு இணையாக வந்தது. ஆனால் அது வேறு மருந்து, வேறு அளவு. உங்கள் அப்பாவின் அட்டையை நாலாவது மாதத்தில் கிழித்துப் போட அது அனுமதி இல்லை. ஐந்து வாரம் என்பது இன்னும் முதல் கட்டமே முடியாத நிலை: நான்கு மருந்தோடு இரண்டு மாதம், பைராசினமைடு இல்லாமல் நாலு மாதம் என்பதுதான் இப்போது இங்கே நடக்கும் கணக்கு.

பாதியில் விட்டால் எல்லோருக்குமே திரும்பி வரும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். சிலர் மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டு நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிலரில் உங்கள் அப்பா ஒருவரா என்று முன்கூட்டிச் சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை. எக்ஸ்ரேயில் தழும்பு வருஷக்கணக்கில் இருக்கும், அதை வைத்தும் சொல்ல முடியாது. திரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் நிறுத்திய முதல் ஆறு மாதம் ஒரு வருஷத்துக்குள் திரும்பும். மொத்தமாக நிறுத்துவதைவிட விட்டுவிட்டுச் சாப்பிடுவது இன்னும் மோசம். மருந்து குறைந்த அளவில் இருக்கும் நாட்களில் தாக்குப்பிடிக்கும் கிருமி மட்டும் பெருகி, மருந்துக்கு அடங்காத டிபியாக மாறும் வழி அது. ரிஃபாம்பிசினை அடிக்கடி விட்டு விட்டுத் தொடங்கினால் சிலருக்குக் குளிர்காய்ச்சல் போல வரும், அரிதாக ரத்தத் தட்டணுக்கள் விழும், சிறுநீரகம் அடிபடும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாலு நாள் விட்டது பெரிய இழப்பில்லை. ஈரல் சரியாக இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, தவறிய நாலு நாள் மாத்திரையைக் கடைசியில் சேர்த்து முடிக்கச் சொல்வார்கள். ஈடுகட்டுகிறேன் என்று ஒரே நாளில் இரட்டிப்பாகப் போடக் கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் விட்டிருந்தால் மறுபடி சளி எடுத்து, கிருமி மருந்துக்கு அடங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் முடிவு செய்வார்கள். உங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

போகும்போது மாத்திரை அட்டைகளை, காலியானவற்றையும் சேர்த்து, எடுத்துப் போங்கள், எத்தனை மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று அதிலேயே எண்ணிவிடுவார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், வலி என்று வேறு என்ன மாத்திரை, லேகியம், கஷாயம் சாப்பிட்டாலும் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஒரு கண்ணாடி டம்ளரில் சிறுநீர் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நிறத்தை வாயால் சொல்வதைவிட அது உதவும். எஸ்.ஜி.பி.டி. எவ்வளவு, பிலிரூபின் எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் வந்து இங்கே எழுதுங்கள், அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும் என்று பார்க்கலாம்.